காளானா, டோஃபுவா, டெம்பேவா? முதல்ல தண்ணியைக் கழிங்க!

கடையில 200 கிராம் காளான் பாக்கெட் ஒன்னு வாங்குறீங்க. அதுல எவ்வளவு புரோட்டீன் இருக்கும்? 40 கிராமா, 20 கிராமா, 5 கிராமா?

சரியான விடை 5 கிராமுக்குப் பக்கத்துல. ஆனா நம்ம காலேஜ்ல யாரைக் கேட்டாலும் "காளான்ல செம புரோட்டீன் மச்சி, சைவக்காரங்களோட சிக்கன் அது"ன்னுதான் பதில் வரும். பால், தயிர், முட்டை எல்லாத்தையும் விட்டுட்டு முழுத் தாவர உணவுக்கு, அதாவது வீகனுக்கு, மாறுற பசங்க பல பேர் முதல்ல கை வைக்கிறதும் காளான்லதான். மெஸ்ல முட்டையை விட்டுட்டு வாரத்துக்கு ரெண்டு நாள் காளான் ஃப்ரை சாப்பிட்டா கணக்கு சரியாயிடும்னு நினைக்கிறாங்க. ஆகாது. ஏன் ஆகாதுன்னு கொஞ்சம் விரிவா பார்க்கலாம். இன்ஜினியரிங் படிக்கிற நமக்கு இதுல வர்ற கணக்கு ஒன்னும் பெரிய விஷயம் இல்ல. பெருக்கலும் வகுத்தலும் தெரிஞ்சா போதும்.

மூணும் என்ன?

டோஃபு தெரியும். சோயா பாலைத் திரிய வெச்சு, வடிகட்டி, அழுத்தி எடுக்கிற கட்டி. பாலுக்குப் பனீர் எப்படியோ, சோயா பாலுக்கு டோஃபு அப்படி.

டெம்பே நம்ம பக்கம் பல பேருக்குப் புதுசு. இது இந்தோனேசியாவோட, குறிப்பா ஜாவாவோட உணவு. வேக வெச்ச சோயா பருப்புல ரைசோபஸ்னு ஒரு பூஞ்சையைக் கலந்து, ஒன்றரை நாள் அப்படியே விட்டா, வெள்ளை வெளேர்னு பஞ்சு மாதிரி நூல் படர்ந்து, பருப்பு எல்லாத்தையும் ஒன்னாக் கட்டி ஒரு கேக் ஆக்கிடும். பால் எடுக்கிறது, வடிகட்டுறது எதுவும் கிடையாது. முழுப் பருப்பும் உள்ளயே இருக்கும்.

காளான்ல நமக்குக் கிடைக்கிறது மூணு வகை: மொட்டுக் காளான், சிப்பிக் காளான், பால் காளான். மொட்டுக் காளானுக்குக் குளிர் வேணும். அதனால ஊட்டி மாதிரி மலைப் பக்கத்துல இருந்தோ ஏசி போட்ட கூடத்துல இருந்தோதான் வரும். சிப்பியும் பாலும் நம்ம சூட்டுக்கே வளரும். வைக்கோலை ஊற வெச்சு, வேக வெச்சு, பாலித்தீன் பையில காளான் விதையோட அடுக்கு அடுக்கா அடைச்சுத் தொங்க விட்டா போதும். விழுப்புரம் மாவட்டத்துல நெல்லுக்கும் பஞ்சம் இல்ல, வைக்கோலுக்கும் பஞ்சம் இல்ல. அதனால கீற்றுக் கொட்டகை போட்டுச் சின்ன அளவுல வளர்க்கிறது இங்க ஒத்துவரும்.

இதுல முதல் ரெண்டும் சோயா. மூணாவது பூஞ்சை. டெம்பேல பூஞ்சை இருந்தாலும் அதோட புரோட்டீன் பெரும்பாலும் சோயாவுல இருந்துதான் வருது. இந்த வித்தியாசத்தை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

கணக்குல ஒளிஞ்சிருக்கிற தண்ணி

"காளான்ல 25 சதவீதம் புரோட்டீன்"னு எங்கயாவது படிச்சிருப்பீங்க. அது பொய் இல்ல. ஆனா அது காய்ஞ்ச எடைக்குச் சொன்ன கணக்கு. பச்சைக் காளான்ல 90 சதவீதம் தண்ணி. 100 கிராம் காளானை முழுசா உலர்த்துனா மிஞ்சுறது 10 கிராம்தான். அந்த 10 கிராம்ல 25 சதவீதம்னா 2.5 கிராம். நீங்க சட்டியில போடுறது பச்சைக் காளான். வதக்கும்போது அது தண்ணி விட்டுச் சுருங்கி, ஒரு பாக்கெட் ஒரு கரண்டி ஆகுறதைப் பார்த்திருப்பீங்களே, அதான் விஷயம்.

டோஃபுவுக்கும் இதே தண்ணிக் கணக்கு உண்டு. 250 கிராம் சோயா பருப்பை எடுத்துக்குவோம். பருப்புல 100 கிராமுக்குச் சுமார் 36 கிராம் புரோட்டீன், அப்போ மொத்தம் 90 கிராம். அரைச்சுப் பால் எடுத்துத் திரிய வைக்கும்போது கொஞ்சம் சக்கையோட போகும், கொஞ்சம் வடிநீரோட போகும். 70 சதவீதம் கட்டியில தங்குதுன்னு வெச்சுக்கிட்டா 63 கிராம். இப்போ நீங்க லேசா மட்டும் அழுத்தி 600 கிராம் டோஃபு எடுத்தா, 100 கிராமுக்கு 10.5 கிராம் புரோட்டீன். மேல வெயிட் வெச்சு நல்லா அழுத்தி 400 கிராமா ஆக்குனா, 100 கிராமுக்குக் கிட்டத்தட்ட 16 கிராம். பருப்பு அதேதான், புரோட்டீனும் அதேதான். வெளிய போனது தண்ணி மட்டும்தான்.

அதனால "டோஃபுவுல எவ்வளவு புரோட்டீன்?"ங்கிற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. கரண்டியால அள்ளுற மாதிரி மெத்துன்னு இருக்கிற டோஃபுவுல 6 முதல் 8 கிராம். கையில தூக்குனா வளையாம நிக்கிற கெட்டி டோஃபுவுல 12 முதல் 17 கிராம். ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு மடங்கு வித்தியாசம் இருக்கு. பாக்கெட் பின்னாடி 100 கிராமுக்கு எவ்வளவுன்னு போட்டிருக்கும், அதைப் பார்த்து வாங்குங்க. முன்பக்கம் பெருசா எழுதியிருக்கிறதைப் பார்க்காதீங்க.

டெம்பேல பால் பிரிக்கிற வேலை இல்லாததால இழப்பு குறைவு. தோலோடயும் ஊறல் தண்ணியோடயும் கொஞ்சம் போகும், அவ்வளவுதான். 100 கிராம் டெம்பேல சுமார் 19 கிராம் புரோட்டீன் வரும். சக்கையும் உள்ளயே இருக்கிறதால நார்ச்சத்து போனஸ்.

சுருக்கமா, நாம சமைக்கிற நிலையில 100 கிராமுக்கு: டெம்பே 19, கெட்டி டோஃபு 13 (நடுத்தரமா வெச்சுக்குவோம்), காளான் 2 முதல் 3.

அந்த 3 கிராம்கூட முழுசா 3 இல்ல

லேப்ல புரோட்டீனை நேரடியா அளக்கிறது கஷ்டம். அதனால உணவுல எவ்வளவு நைட்ரஜன் இருக்குன்னு கெல்டால் முறையில அளந்து, அதை 6.25-ஆல பெருக்கிடுவாங்க. புரோட்டீன்ல சுமார் 16 சதவீதம் நைட்ரஜன், 100-ஐ 16-ஆல வகுத்தா 6.25. இதான் அந்த எண்ணோட கதை.

இதுல ஒரு ஓட்டை இருக்கு. உணவுல இருக்கிற நைட்ரஜன் எல்லாமே புரோட்டீன்ல இருந்துதான் வருதுன்னு இந்த முறை நம்புது. 2008-ல சீனாவுல பால்ல மெலமைன் கலந்தது இந்த ஓட்டையைப் பயன்படுத்தித்தான். மெலமைன்ல நைட்ரஜன் அதிகம், டெஸ்ட்ல அது புரோட்டீனாக் காட்டும். குழந்தைகளோட சிறுநீரகம் கெட்டுப்போன பிறகுதான் விஷயம் வெளிய வந்துச்சு.

காளான்ல யாரும் எதையும் கலக்கலை. ஆனா அதோட செல் சுவர்லயே கைட்டின்னு ஒரு பொருள் இருக்கு. இறால் ஓட்டுல இருக்கிற அதே கைட்டின். அதுல நைட்ரஜன் உண்டு, ஆனா அது புரோட்டீன் இல்ல. அதனால காளானுக்கு மட்டும் 6.25-க்குப் பதிலா 4.38-னு ஒரு எண்ணை ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்துறாங்க. காய்ஞ்ச காளான்ல 4.5 சதவீதம் நைட்ரஜன்னு வெச்சுப் போட்டுப் பாருங்க:

4.5 × 6.25 = 28.1

4.5 × 4.38 = 19.7

ஒரே காளான், ஒரே டெஸ்ட்தான், பெருக்குற எண் மட்டும் மாறுது. 28 சதவீதம் 20 சதவீதமா இறங்கிடுச்சு. பச்சைக் காளான்ல இது 100 கிராமுக்கு 2.8-ல இருந்து 2-க்கு வருது. மேல நான் 200 கிராம் பாக்கெட்ல 5 கிராம்னு சொன்னதே கொஞ்சம் தாராளமாச் சொன்னதுதான்.

நியாயமா பேசணும்னா சோயாவுக்கும் தனி எண் உண்டு, 5.71. அதை வெச்சுப் போட்டா சோயா பருப்போட 36 கிராம் 33 ஆகும். ஆக, சோயா இறங்குறது பத்துல ஒரு பங்குக்கும் குறைவு. காளான் இறங்குறது பத்துல மூணு பங்கு.

அந்தக் கைட்டின் இன்னொரு வேலையும் பண்ணும். நம்ம குடலுக்கு அதை முழுசா உடைக்க வராது. அதனால உள்ள இருக்கிற புரோட்டீன்ல ஒரு பகுதி செரிக்காமலே போயிடும். காளானைப் பொடியா நறுக்கி நல்லா வேக வெச்சுச் சாப்பிடுறது இந்த விஷயத்துல கொஞ்சம் உதவும்.

ஒரு ஹாஸ்டல் தட்டு, ஒரு நாள் கணக்கு

இப்போ நிஜக் கணக்குக்கு வருவோம். விழுப்புரத்துல ஹாஸ்டல்ல இருக்கிற 60 கிலோ எடை மாணவர் ஒருத்தரை எடுத்துக்கலாம். ஐசிஎம்ஆரும் ஹைதராபாத்ல இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் சேர்ந்து 2020-ல வெளியிட்ட பரிந்துரைப்படி, ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரோட்டீன் வேணும். 60 × 0.83 = சுமார் 50 கிராம். இது நல்ல தரமான புரோட்டீனுக்கு. அரிசி, கோதுமையையே பெருசா நம்பியிருக்கிற தட்டுன்னா கிலோவுக்கு 1 கிராம்னு, அதாவது 60 கிராம்னு வெச்சுக்கிறது பாதுகாப்பு.

மெஸ் சாப்பாட்டுல முட்டை, பால், தயிர் இல்லாம என்ன வரும்? காலையில 4 இட்லி, 8 கிராம். சாம்பார், பொட்டுக்கடலை சட்னி சேர்த்து 4. மதியம் 350 கிராம் சாதம், 9 கிராம். சாம்பார், ரசம், பொரியல் எல்லாம் சேர்த்து 6. ராத்திரி 3 சப்பாத்தி, 9 கிராம். குருமா 3. மொத்தம் 39 கிராம். சாம்பார்ல பருப்பைத் தேட வேண்டிய நாள்ல இன்னும் குறையும்.

வீகன் ஆகுறதுக்கு முன்னாடி இவர் தினம் ஒரு முட்டை (6), ஒரு கப் தயிர் (3), ரெண்டு வேளை பால் டீ (4) சாப்பிட்டுட்டு இருந்தார்னா, அது 13 கிராம். அப்போ மொத்தம் 52, கோட்டைத் தொட்டுடுச்சு. அந்த 13-ஐ எடுத்துட்டு வேற எதுவும் வைக்கலைன்னா 39-ல நிக்குறார். பசி தெரியாது, ஏன்னா சாதம் வயித்தை நிரப்பிடும். முதல் வாரம் ஒன்னும் தெரியாது. மாசக்கணக்குல இப்படியே போனா, ஜிம்முக்குப் போறவருக்கு உடம்பு ஏறாது, மத்தவங்களுக்கு அசதி, காயம் ஆற நேரம் எடுக்கிறதுன்னு மெதுவா தெரிய வரும்.

50-ஐத் தொட இன்னும் 11 கிராம் வேணும். அதை மூணாலயும் தனித்தனியா நிரப்பிப் பார்ப்போம்.

- டெம்பேன்னா 60 கிராம். அதாவது உள்ளங்கையில பாதி அளவுக்கு ஒரு துண்டு.
- கெட்டி டோஃபுன்னா 85 கிராம். 200 கிராம் பாக்கெட்ல பாதிக்கும் கொஞ்சம் குறைவு.
- காளான்னா, 100 கிராமுக்கு 2.2 கிராம்னு வெச்சா, அரைக் கிலோ. தினமும் ரெண்டரை பாக்கெட்.

60 கிராம் இலக்குன்னா 21 கிராம் நிரப்பணும். அப்போ டெம்பே 110, டோஃபு 160, காளான் கிட்டத்தட்ட ஒரு கிலோ. தினம் ஒரு கிலோ காளானை யார் சாப்பிடப்போறா?

உங்க கணக்கைப் போட, உங்க எடையை 0.83-ஆல பெருக்குங்க. 50 கிலோ இருக்கிற ஒரு மாணவிக்கு 41.5 கிராம். அப்புறம் உங்க மெஸ் தட்டைக் கூட்டிக் கழிச்சுப் பாருங்க. நான் போட்ட எண்கள் தோராயம்தான், உங்க இட்லி சின்னதா இருந்தா கணக்கும் சின்னதாகும்.

அரிசியில ஓட்டை எங்க இருக்கு, அதை யார் அடைப்பா?

புரோட்டீன்னா ஒரே பொருள் இல்ல, 20 அமினோ அமிலங்கள் கோத்த மாலை. அதுல 9-ஐ நம்ம உடம்பால செய்ய முடியாது, சாப்பாட்டுல இருந்துதான் வரணும். அரிசியில அந்த 9-ல லைசின்ங்கிற ஒன்னு குறைவு. பெரியவங்களுக்கு ஒரு கிராம் புரோட்டீன்ல 45 மில்லிகிராம் லைசின் இருக்கணும். அரிசியில சுமார் 36-தான் இருக்கு. கோதுமையில அதைவிடக் குறைவு. சோயாவுல 60-க்கும் மேல. அதனால இட்லி, சாதம், சப்பாத்தின்னு ஓடுற நம்ம தட்டுக்கு சோயா சரியான ஜோடி. டோஃபு, டெம்பே ரெண்டும் அளவை மட்டும் ஏத்தாம, அரிசியில இல்லாததையும் சேர்த்துக் கொண்டு வருது.

இங்க திண்டிவனத்துப் பக்கம் வந்தாகணும். "அதான் நம்ம ஊர்ல வேர்க்கடலை கொட்டிக் கிடக்கே, சோயா எதுக்கு?"ன்னு திண்டிவனம் நண்பர்கள் கேப்பாங்க. நியாயமான கேள்வி. வேளாண் பல்கலைக்கழகத்தோட எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் திண்டிவனத்துலதான் இருக்கு. டிஎம்வி 2, டிஎம்வி 7-னு நாடு முழுக்கப் பேர் வாங்குன கடலை ரகங்கள்ல இருக்கிற அந்த "டிஎம்வி" திண்டிவனத்தைத்தான் குறிக்குது. 100 கிராம் கடலையில சுமார் 25 கிராம் புரோட்டீன். ஒரு கைப்பிடி, 30 கிராம்ல 7.5 கிராம். விலையும் குறைவு, ஃப்ரிட்ஜும் வேண்டாம்.

ஆனா கடலையிலயும் லைசின் குறைவு, கிட்டத்தட்ட அரிசி அளவுதான். அதனால சாதம் கூட கடலை சேரும்போது மொத்த புரோட்டீன் ஏறும், ஓட்டை அதே இடத்துலதான் இருக்கும். கடலையை விட்டுடாதீங்க. ஆனா அதோட கொண்டைக்கடலை, காராமணி சுண்டல்னு ஏதாவது ஒன்னு, இல்லைன்னா சோயா, தட்டுல இருக்கணும். ஒரே வேளையில எல்லாம் சேரணும்னு அவசியம் இல்ல, அந்த நாளைக்குள்ள வந்தா போதும்.

வீட்டுல செய்ய முடியுமா?

விழுப்புரம் கடைகள்ல டோஃபு தேடித்தான் பிடிக்கணும். டெம்பே இன்னும் கஷ்டம். புதுச்சேரியிலயோ சென்னையிலயோ பெரிய கடையில கிடைக்கலாம், இல்லைன்னா ஆன்லைன். சோயா பருப்பு மட்டும் மளிகைக் கடையிலயே கிடைக்கும். அதனால வீட்டுல இருந்து வர்றவங்க செஞ்சு பார்க்கலாம்.

டோஃபுவுக்கு, பருப்பை 8 மணி நேரம் ஊற வெச்சு, தண்ணி விட்டு நைசா அரைச்சு, துணியில வடிகட்டிப் பால் எடுங்க. இந்தப் பாலைக் காய்ச்சும்போது ஒரு விஷயத்துல ஏமாந்துடக்கூடாது. உண்மையா கொதிக்கிறதுக்கு முன்னாடியே நுரை பொங்கி மேல வரும். கொதிச்சுடுச்சுன்னு நினைச்சு அடுப்பை அணைச்சா தப்பு. பச்சை சோயாவுல புரோட்டீன் செரிக்கிறதைத் தடுக்கிற பொருள் ஒன்னு இருக்கு. அது அழிய, நுரை அடங்கின பிறகு கிளறிக்கிட்டே குறைஞ்சது 10 நிமிஷம் கொதிக்கணும். பச்சை வாடை போயிருக்கணும். அப்புறம் அடுப்பை அணைச்சு ரெண்டு நிமிஷம் ஆற விட்டு, தண்ணியில கரைச்ச எலுமிச்சைச் சாறைக் கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. திரிஞ்சதும் துணியில கட்டி, மேல தண்ணி நிரப்பின பாத்திரத்தை அரை மணி நேரம் வெச்சுடுங்க.

எலுமிச்சைக்குப் பதிலா கால்சியம் சல்பேட் போட்டுத் திரிய வெச்ச டோஃபுவுல, பாலை விட்டவங்களுக்குத் தேவையான கால்சியமும் சேர்ந்து வரும். கடை பாக்கெட்ல அந்தப் பேரோ, 516-ங்கிற எண்ணோ இருக்கான்னு பாருங்க. எலுமிச்சை டோஃபுவுல அந்த லாபம் இல்ல.

டெம்பேவுக்கு நம்ம ஊர் வெயிலே இன்குபேட்டர். ஊறின பருப்போட தோலைத் தேய்ச்சு எடுத்து, வேக வெச்சு, ஈரம் போக நல்லா உலர்த்தி, கை சூட்டுக்கு ஆறினதும் கொஞ்சம் வினிகரும் ஸ்டார்ட்டரும் கலந்து, ஊசியால ஓட்டை போட்ட ஜிப் பையில ஒரு இன்ச் கனத்துக்குப் பரப்பணும். 30 டிகிரியில 24 முதல் 36 மணி நேரம். இதுல கவனிக்க வேண்டியது, பாதி நேரத்துக்கு மேல பூஞ்சை தானே சூட்டை உண்டாக்க ஆரம்பிக்கும். அறை சூடும் இந்த சூடும் சேர்ந்து 40-ஐத் தாண்டுனா பூஞ்சை செத்து, வேற கிருமி உள்ள நுழைஞ்சுடும். ஆகஸ்ட், செப்டம்பர்ல சிக்கல் குறைவு. மே மாசம் மதியத்துல பையை மூடி வெச்சீங்கன்னா நிச்சயம் கெடும், காத்தோட்டமான இடத்துல வெச்சு அடிக்கடி தொட்டுப் பாருங்க.

நல்லா வந்தா வெள்ளையா, கெட்டியா, கத்தியால வெட்டுனா உதிராம இருக்கும். காளான் வாசனை வரும். ஓட்டைகளைச் சுத்திச் சாம்பலோ கறுப்போ தெரிஞ்சா பயப்படாதீங்க, அது பூஞ்சையோட விதை. ரோஸ், ஆரஞ்சு, பச்சை நிறமோ, கொழகொழப்போ, மூக்கைத் துளைக்கிற அம்மோனியா வாடையோ இருந்தா யோசிக்காமத் தூக்கிப் போடுங்க.

இன்னொரு எச்சரிக்கை. "சோயாவுக்குப் பதிலா தேங்காய்ப் புண்ணாக்குல டெம்பே போட்டா என்ன?"ன்னு நம்ம ஊர்ல யாருக்காவது தோணும். வேண்டவே வேண்டாம். ஜாவாவுல டெம்பே போங்க்ரெக்னு தேங்காய்ப் பிண்ணாக்குல செஞ்சுட்டு இருந்தாங்க. அதுல ஒரு வகை பாக்டீரியா புகுந்தா உண்டாகுற விஷம் சமைச்சாலும் போகாது. நிறைய பேர் செத்தாங்க, 1988-ல அதைச் செய்றதையே இந்தோனேசியா தடை பண்ணிடுச்சு. சோயாவோட நிறுத்திக்கோங்க.

காசு கணக்கு

விலை கடைக்குக் கடை மாறும், அதனால முறையை மட்டும் பிடிச்சுக்கோங்க: 10 கிராம் புரோட்டீனுக்கு எத்தனை ரூபாய்? கணக்குக்காகக் காளான் 200 கிராம் 50 ரூபாய்னு வெச்சா, அதுல 5 கிராம் புரோட்டீன், அப்போ 10 கிராமுக்கு 100 ரூபாய். டோஃபு 200 கிராம் 80 ரூபாய்னா, 26 கிராம் புரோட்டீன், 10 கிராமுக்கு 31 ரூபாய். டெம்பே 200 கிராம் 160 ரூபாய்னா, 38 கிராம், 10 கிராமுக்கு 42 ரூபாய். சோயா பருப்பு கிலோ 120 ரூபாய்னா, 10 கிராமுக்கு 3 ரூபாய் சொச்சம்.

ஹாஸ்டல்ல ஃப்ரிட்ஜ் இல்லாதவங்களுக்கு டோஃபுவும் டெம்பேவும் நடக்காத காரியம். அவங்களுக்கு மீல் மேக்கர் இருக்கு. எண்ணெய் எடுத்த சோயா மாவுல செய்றது, காய்ஞ்ச நிலையில 100 கிராமுக்கு 50 கிராமுக்கு மேல புரோட்டீன். மாசக்கணக்குல கெடாது. 25 கிராமைக் கொதிக்கிற தண்ணியில போட்டு, வெந்ததும் பிழிஞ்சு, மெஸ் குருமாவுல கலந்தா அன்னைக்கான பள்ளம் அடைஞ்சுடும். இதுலயும் தண்ணி விஷயம் மறக்காதீங்க, ஊறினா எடை பல மடங்கு ஆகும். காய்ஞ்ச எடையை வெச்சுத்தான் கணக்குப் போடணும்.

அப்போ காளான் எதுக்கு?

ருசிக்கு. முட்டையும் கறியும் விட்டவங்களுக்கு நாக்கு தேடுற அந்தக் கறிச்சுவை காளான்ல இருக்கு. டோஃபுவை உதிர்த்து, வெங்காயம், மஞ்சள்தூள், மிளகு போட்டு முட்டைப் பொடிமாஸ் மாதிரி வதக்கும்போது, கூடவே கொஞ்சம் சிப்பிக் காளானைப் பிய்ச்சுப் போட்டுப் பாருங்க, தட்டு காலியாகும். டெம்பேவை மெல்லிசா வெட்டி, மிளகாய்த்தூள், உப்பு, புளித்தண்ணியில பிரட்டித் தோசைக்கல்லுல மீன் வறுவல் மாதிரி போடலாம். டெம்பேவைப் பச்சையா சாப்பிடாதீங்க, எப்பவும் சமைச்சே சாப்பிடணும். நறுக்கின காளானை உச்சி வெயில்ல அரை மணி நேரம் வெச்சுச் சமைச்சா அதுல வைட்டமின் டி உண்டாகும், அது சோயாவால முடியாத வேலை.

மூணாலயும் முடியாத வேலை ஒன்னு இருக்கு, வைட்டமின் பி12. டெம்பேல இருக்குன்னு சில பேர் சொல்வாங்க, அதை நம்பி இருக்க முடியாது. முழுத் தாவர உணவுன்னு முடிவு பண்ணுன அன்னைக்கே டாக்டர்கிட்ட கேட்டு பி12 மாத்திரை ஆரம்பிச்சுடுங்க. தைராய்டு மாத்திரை போடுறவங்க, சோயாவையும் மாத்திரையையும் எத்தனை மணி நேரம் இடைவெளி விட்டு எடுக்கணும்னு அதே டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

அடுத்த தடவை கடைக்குப் போகும்போது பாக்கெட்டைத் திருப்பி மூணு விஷயம் பாருங்க: 100 கிராமுக்கு எத்தனை கிராம் புரோட்டீன், அந்த 100 கிராம் பச்சையா காய்ஞ்சதா, நீங்க ஒரு வேளைக்கு நிஜமா எத்தனை கிராம் சாப்பிடுவீங்க. மூணாவது எண்ணை முதல் எண்ணால பெருக்கி 100-ஆல வகுத்தா, அதுதான் உங்க தட்டுக்கு வர்ற புரோட்டீன்.